நிவாரணத் துணியை வாசலிலேயே பிரியுங்கள்

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது ஒரு கல்யாண மண்டபத்தில் துணி பிரித்தோம். முதல் நாள் வந்த மூட்டைகளையெல்லாம் நடுவில் கொட்டிவிட்டோம். மலையாகக் குவிந்த பிறகு எங்கே கைவைப்பது என்றே தெரியவில்லை. மறுநாள் வாசலில் மேசை போட்டு, ஒரு மூட்டையை முடித்த பிறகே அடுத்ததைத் தொட்டோம். கிழிசலும் ஈர வாடை அடிப்பதும் அங்கேயே கழிந்தன. ஈரச் சட்டை ஒன்று போதும், கட்டிய சாக்கு முழுக்கப் பூஞ்சை பிடிக்க.

குழந்தைத் துணியில் லேபிளை நம்பாதீர்கள். துவைத்துச் சுருங்கியிருக்கும், பாதிக்கு லேபிளே இருக்காது. மேசையில் 2, 5, 8, 12 வயதுக்கான சட்டை ஒவ்வொன்றை விரித்து டேப் போட்டு ஒட்டிவிட்டு, வருவதை அதன்மேல் வைத்துப் பாருங்கள். சந்தேகமா, பெரிய அளவில் போடுங்கள். தொளதொளவென்று இருந்தாலும் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு சாக்கில் ஒரே வகை, ஒரே அளவு. "பையன், 5 வயது, சட்டை, 40" என்று மார்க்கரில் பக்கவாட்டில் எழுதுங்கள், அடுக்கினாலும் தெரியும். அப்புறம், நைட்டி, லுங்கி, போர்வைக்கு அளவு பார்க்க வேண்டியதில்லை. முதலில் கேட்பதும் அவற்றைத்தான், கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். உள்ளாடை என்றால் பிரிக்காத பாக்கெட் மட்டும்.