காட்சிக்கு வைத்த சோறும் குழம்பும்: கணக்கு எப்போது தொடங்குகிறது?

சோறு கெட்டுவிட்டதா என்பதை மோந்து பார்த்தே சொல்லிவிடலாம் என்றுதான் கடை தொடங்கிய புதிதில் நானும் நம்பியிருந்தேன். ஆனால் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வேகும்போதும் சாவதில்லை. சோறு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறியபின் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கின்றன. அப்போதும் சோற்றில் வாடை எதுவும் தெரியாமலிருக்கலாம்.

எனவே, உணவுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை முதலில் வாங்குங்கள். தூரத்திலிருந்து காட்டி அளக்கும் துப்பாக்கி வகை மேற்பரப்பை மட்டுமே அளப்பதால், இந்த வேலைக்கு அதை நான் விரும்புவதில்லை. நொறுக்கிய பனிக்கட்டி நிறைந்த நீரில் முனையை நிறுத்தினால் அது 0 காட்ட வேண்டும்.

நான் பின்பற்றுவது ஆஸ்திரேலியாவில் வழக்கிலுள்ள 2 மணி நேரம், 4 மணி நேரம் என்ற விதி. உணவு 5 முதல் 60 டிகிரிக்குள் இருந்த நேரத்தையெல்லாம் கூட்டுங்கள். அது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் குளிர்பெட்டியில் வைக்கலாம். 2 முதல் 4 மணி நேரம் வரை என்றால் உடனே பரிமாறிவிட வேண்டும். 4 மணி நேரத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டியதுதான்.

நான் இடறியது இந்தக் கூட்டலில்தான். ஒருநாள் 11 மணிக்கு அண்டாவின் நடுவிலும் ஓரத்திலும் 60-க்கு மேல் இருந்தது. 11:30-க்கு நடுவில் 71, ஓரத்தில் 56. எந்த நிமிடத்தில் இறங்கியது என்று தெரியாதபோது, கடைசியாகச் சரியாக இருந்த 11 மணியிலிருந்தே எண்ண வேண்டும். ஆகவே 3 மணிக்கு அந்தச் சோற்றின் ஆயுள் முடிகிறது. நானோ 1 மணிக்கு அதன்மேல் புதுச்சோற்றைக் கொட்டிவிட்டு, கணக்கையும் புதிதாகத் தொடங்கினேன். அடியில் கிடந்த பழைய சோறு புதியதோடு கலந்துவிட்டபின், அண்டா முழுவதற்கும் 11 மணிக் கணக்குதான். இப்போது சிறு பாத்திரங்களில், நேரம் எழுதிய சீட்டு ஒட்டி வைக்கிறேன். ஒன்று காலியானபின், கழுவிய வேறொன்றில்தான் அடுத்த சோறு.

குழம்புக்கு வெந்நீர்த் தொட்டி போதும், ஆனால் அடுப்பில் கொதித்த குழம்பையே அதில் இறக்க வேண்டும். ஆறியதைச் சூடேற்ற அந்தத் தொட்டிக்கு வலு போதாது, மெல்லச் சூடாகும் இறைச்சிக் குழம்பில் பாக்டீரியாதான் பெருகும். நன்றாகக் கிளறிவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.

பின்சேர்க்கை: 3 மணிக்கு மிஞ்சிய சோற்றை ஆவி பறக்கச் சூடாக்கி மாலையில் விற்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. சூட்டில் பாக்டீரியா சாகும். அது ஏற்கெனவே சுரந்துவிட்ட வாந்தி நச்சு அந்தச் சூட்டில் அழியாது.