பேர் ஆக்டோட ஏ.ஐ.பி.இ. எழுதப் போற தோழிக்கு

பிரியமான தோழிக்கு,

வக்கீலாத் தொழில் பண்ண எழுதற அகில இந்திய பார் தேர்வுக்கு, அதான் ஏ.ஐ.பி.இ.-க்கு, எப்படித் தயாராகறேன்னு கேட்டிருந்தே. ஏற்காட்டுல உனக்கு சிக்னல் பாதி நேரம் இருக்காது, அதான் எழுதியே அனுப்பறேன்.

இறுதியாண்டுல இருக்கிறவங்களையும் பதிவு பண்ண விடணும்னு 2024-ல உச்ச நீதிமன்றம் சொன்னதுல இருந்து எங்க வகுப்புல இதே பேச்சுதான். "புத்தகம் பார்த்துத்தானே எழுதப் போறோம்"னு நிறைய பேர் சொல்றாங்க. அதை நம்பிடாதே. 100 கேள்வி, மூன்றரை மணி நேரம். ஒரு கேள்விக்கு ரெண்டு நிமிஷம் சொச்சம் வருது. அதுக்குள்ள கேள்வியைப் படிச்சு, எந்தச் சட்டம்னு பிடிச்சு, பக்கத்தைப் புரட்டி, செக்‌ஷனை முழுசாப் படிக்கணும். அதனால நான் மனப்பாடத்தைவிட தேடிப் பிடிக்கிறதுக்குத்தான் அதிக நேரம் கொடுக்கறேன்.

முதல்ல புத்தகம்

உள்ளே எடுத்துட்டுப் போறது குறிப்போ விளக்கமோ இல்லாத வெறும் பேர் ஆக்டா இருக்கணும். பென்சில் கோடுகூட வேண்டாம். முக்கியமான நாலஞ்சு சட்டத்துக்கு ஒரே பதிப்பாளர், ஒரே பதிப்புல ரெண்டு பிரதி வாங்கிடு. ஒண்ணு வீட்டுல கோடு போட்டுப் படிக்க, இன்னொண்ணு தேர்வுக்கு. பதிப்பு மாறினா பக்கம் மாறும். "இடது பக்கம், கீழ் மூலையில இருந்துச்சே"ங்கிற ஞாபகம் உதவாமப் போயிடும்.

எல்லாச் சட்டத்தையும் சேர்த்துக் கட்டின தடிப் புத்தகம் எனக்குப் பிடிக்கலை. எழுத்து பொடிசு, ஒவ்வொரு சட்டத்தோட பொருளடக்கமும் நடுவுல எங்கேயோ புதைஞ்சிருக்கும். தனித்தனி மெல்லிசுப் புத்தகம்னா அட்டையைத் திறந்ததும் செக்‌ஷன் பட்டியல் வந்துடும். பழைய புத்தகக் கடைப் பக்கம் போனா, 2024 ஜூலை 1-ல அமலுக்கு வந்த மூணு புதுக் குற்றவியல் சட்டமும் இருக்கான்னு பார்த்து வாங்கு. சீனியர் கொடுக்கிற ஐ.பி.சி., சி.ஆர்.பி.சி. புத்தகத்தை மரியாதையா வாங்கி அலமாரியில வச்சிடு.

அத்தியாய எல்லை

குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ல 531 செக்‌ஷன். அத்தனையையும் யாராலயும் தலையில வச்சுக்க முடியாது. எது எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும். எஃப்.ஐ.ஆர். 173, ஜாமீன் 478-ல இருந்து 496 வரைக்கும். தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-ல பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றம் 63-ல தொடங்குது, மனித உடலுக்கு எதிரானது 100-ல, சொத்து 303-ல. தினமும் காலையில ஒரு சட்டத்தோட எல்லைகளைப் பார்க்காம ஒரு தாள்ல எழுது. விட்டுப்போனதை மட்டும் புத்தகத்தைத் திறந்து நிரப்பு.

செக்‌ஷனைப் பிடிச்ச பிறகு

இங்கேதான் மார்க் போகுது, அதனால ஒரு கேள்வியை முழுசா எடுத்துக்குவோம்.

சேலம் புது பஸ் ஸ்டாண்டுல 15,000 ரூபாய் போனைத் திருடினதா ஒருத்தர் கைதாகறார். பி.என்.எஸ். 303(2) வழக்கு. இதுக்கு முன்னாடி எந்த வழக்குலயும் தண்டனை வாங்கினதில்லை. விசாரணை முடியாம 13 மாசமா ரிமாண்டுல இருக்கார். அவரை விடுவிக்கணுமா?

"விசாரணைக் கைதி"ன்னு பார்த்ததும் கை ஜாமீன் அத்தியாயத்துக்குப் போகணும். பட்டியல்ல 479, விசாரணைக் கைதியை அதிகபட்சம் எவ்வளவு காலம் வைக்கலாம்ங்கிற செக்‌ஷன். திறந்ததும் கண்ணுல படுறது, அதிகபட்ச தண்டனையில பாதிக் காலம் கழிஞ்சா ஜாமீன். திருட்டுக்கு அதிகபட்சம் 3 வருஷம், பாதின்னா 18 மாசம், 13 மாசம் பத்தாது. விடையில "உரிமை இல்லை"ன்னு ஒண்ணு தயாரா இருக்கும். அவசரத்துல கை அதுக்குத்தான் போகும்.

அப்படியே கீழே இறங்கிப் படி. முதல் ப்ரொவைசோ, அதாவது விதிவிலக்கு வரி, சொல்லுது, இதுக்கு முன்னாடி எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத முதல் முறைக் குற்றவாளின்னா மூணுல ஒரு பங்கு போதும். 3 வருஷத்துல மூணுல ஒரு பங்கு 1 வருஷம். 13 மாசம் ஆச்சு. அதனால கோர்ட் அவரை பாண்டுல விடுவிக்கணும்.

இன்னும் நிறுத்தாதே. கேள்வியில "அவர் மேல அஸ்தம்பட்டி கோர்ட்டுல இன்னொரு வழக்கும் நிலுவையில இருக்கு"ன்னு ஒரு வரி சேர்த்திருந்தா? உட்பிரிவு (2) வந்துடும். ஒண்ணுக்கு மேற்பட்ட குற்றமோ, பல வழக்கோ நிலுவையில இருந்தா இந்த செக்‌ஷன்படி ஜாமீன் கிடையாது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம்னா ஆரம்பத்துலயே வெளியே. ஒரே செக்‌ஷன்ல மூணு விதமா விடை மாறுது பாரு.

அதனால என் பழக்கம் இது: செக்‌ஷனைப் பிடிச்சதும் முதல் வரியில விடை கிடைச்ச மாதிரி இருந்தாலும், அடுத்த செக்‌ஷன் நம்பர் வர்ற வரைக்கும் கண்ணை ஓட்டிடுவேன். ப்ரொவைசோ, எக்ஸ்ப்ளனேஷன், "நாட்வித்ஸ்டாண்டிங்"னு தொடங்குற உட்பிரிவு, இந்த மூணையும் தேடுவேன். அரை நிமிஷம்கூட ஆகாது.

சி.பி.சி.

நேத்து போன்ல "சி.பி.சி. மட்டும் கண்ணைக் கட்டுது"ன்னியே, அந்த சிவில் நடைமுறைச் சட்டம் ரெண்டு பகுதியா இருக்கிறதாலதான். முன்னாடி 158 செக்‌ஷன், பின்னாடி முதல் அட்டவணையில ஆர்டரும் ரூலும். கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கா, அப்பீல் உண்டான்னு கேட்டா பெரும்பாலும் முன்பகுதி. மனு எப்படிப் போடணும், எந்தக் காரணத்துக்கு ரத்தாகும்னு கேட்டா பின்பகுதி.

ஆனா ஒரு ரகக் கேள்விக்கு சி.பி.சி. மட்டும் போதாது. எதிர்த்தரப்பு வராம போட்ட எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து பண்ண எத்தனை நாளுக்குள்ள மனு போடணும்? ஆர்டர் 9 ரூல் 13-ஐ எத்தனை தடவை படிச்சாலும் நாள் கணக்கு வராது. காரணங்கள் மட்டும்தான் இருக்கும். கணக்கு லிமிடேஷன் ஆக்ட் அட்டவணையில, ஆர்ட்டிகிள் 123-ல இருக்கு: டிக்ரி தேதியில இருந்து 30 நாள், சம்மன் முறையா சார்பு ஆகலைன்னா டிக்ரி விஷயம் தெரிஞ்ச நாள்ல இருந்து 30 நாள். எத்தனை நாள்னு கேட்டு, சி.பி.சி. ரூல்ல காணலைன்னா உடனே லிமிடேஷன் ஆக்டைத் திற. அந்த மெல்லிசுப் புத்தகத்தைப் பலர் வீட்டுலயே விட்டுட்டு வர்றாங்க. நீ பையில முதல்ல அதை வை.

ஹாலுக்குள்ள

முதல் சுத்துல புத்தகத்தைத் தொடாம, உறுதியாத் தெரிஞ்சதை மட்டும் எழுதிட்டு வா. பொதுநல வழக்கு மாதிரி தீர்ப்பை வச்சுக் கேட்கிற கேள்விக்கு பேர் ஆக்ட் உதவாது. அதை அங்கேயே முடிச்சிடு. ஹுசைனாரா காத்தூன் 1979, விசாகா 1997 மாதிரி தீர்ப்புப் பெயர்களை மட்டும் தலையில ஏத்திக்கோ. ரெண்டாவது சுத்துல விட்டுவச்ச கேள்விகளை வரிசைப்படி பார்க்காம சட்டவாரியா எடு. பி.என்.எஸ்.எஸ். கையில இருக்கும்போதே அதுல உள்ள எல்லாத்தையும் முடி, அப்புறம் அடுத்த புத்தகம். நெகட்டிவ் மார்க் கிடையாது, அதனால கடைசிப் பத்து நிமிஷத்துல ஒரு வட்டத்தையும் காலியா விடாதே.

ஞாயித்துக்கிழமை கீழே இறங்கினா சி.பி.சி.-யை எடுத்துட்டு வா. ஆர்டர் 21-ஐ நான் இன்னும் பாதிதான் முடிச்சிருக்கேன், மீதியைச் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உன் தோழி