கணக்கு வாத்தியார் சறுக்கிய இடம்

என் சித்தப்பா சேலம் அழகாபுரத்தில் இருக்கிறார். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். லீ பஜாரில் அரைக் கிலோ மிளகு வாங்கினாலும் எடையை இரண்டு தடவை பார்ப்பார். அவர்தான் போலிப் பங்கு வர்த்தகச் செயலியில் 10,70,000 ரூபாய் கட்டினார். பேராசையில் விழுந்தார் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் விழுந்தார்.

முதலில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். மூன்று வாரம் யாரும் காசு கேட்கவில்லை, பாடம் மட்டும் நடந்தது. பிறகு 10,000 போட்டார். 2,000 எடுத்துப் பார்த்தார், வங்கிக் கணக்குக்கு உடனே வந்துவிட்டது. ‘சோதிச்சாச்சு’ என்று திருப்தியாகிவிட்டார். முதல் தவறு இதுதான். சின்னத் தொகையைத் திருப்பித் தருவது மோசடிக்காரருக்குத் தூண்டில் செலவு. நாம் சோதித்தது அவர்கள் அமைத்த தேர்வை. போட்ட பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்பதைத்தான் பார்த்திருக்க வேண்டும். முதல் தடவை ஒரு ஜவுளிக் கடையின் பெயர், அடுத்த தடவை ஒரு டிராவல்ஸ். பங்குத் தரகர் எதற்கு டிராவல்ஸ் கணக்கில் பணம் வாங்கப் போகிறார்? பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்ற தரகர்களுக்கு இப்போது @valid என்று வரும் தனி யுபிஐ முகவரி உண்டு.

அப்புறம் 1 லட்சம், அதற்கு மேல் 3 லட்சம். திரையில் 9 லட்சம் காட்டியது. அந்த நேரத்தில், அவர் கேட்காமலே, ஒரு நிறுவனம் முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் ஐபிஓவில் நிறையப் பங்குகள் ஒதுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. மாலை 4 மணிக்குள் 4 லட்சம் கட்டாவிட்டால் கணக்கு முடங்குமாம். நிஜ ஐபிஓவில் விண்ணப்பித்ததற்கு மேல் ஒரு பங்குகூடக் கிடைக்காது. விண்ணப்பத் தொகையும் நம் வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்பட்டு, பங்கு ஒதுக்கினால்தான் கழியும். இது சித்தப்பாவுக்கும் தெரியும். ஆனால் அன்று மதியம் குழுவில் ஒரு பெண் ஐந்தாறு முறை அழைத்தாள். தினமும் காலை வணக்கம் சொல்லி, சித்தியின் முழங்கால் வலியைக்கூட விசாரித்தவள். “சார், உங்களுக்காக மேலிடத்தில் பேசி வாங்கினேன், என் வேலை போயிடும்” என்று அழுதிருக்கிறாள். சித்தியின் நகை அடகுக்குப் போனது. வங்கியில் கேட்டால் வீடு கட்ட என்று சொல்லுங்கள் என்றும் அவளே சொல்லிக்கொடுத்தாள். வங்கியிலோ வீட்டிலோ பொய் சொல்லச் சொன்னால், அந்த இடத்திலேயே போனை வைத்துவிடலாம்.

திரையில் இப்போது 21 லட்சம். எடுக்கப் போனால், லாபம் 13 லட்சத்துக்கு 20 சதவீத வரி, 2,60,000 முன்கூட்டிக் கட்டச் சொன்னார்கள். குறுகிய கால மூலதன ஆதாயத்துக்கு வரி நிஜமாகவே 20 சதவீதம்தான். விஷயம் தெரிந்தவரை விழவைத்ததும் அந்த எண்தான். ஆனால் அந்த வரியை நாமே வருமான வரித் துறைக்குக் கட்டுகிறோம், தரகர் வசூலிப்பதில்லை.

சித்தப்பா போட்ட கணக்கு இது: 2.6 லட்சம் கட்டாவிட்டால் போட்ட 8 லட்சம் வீண், கட்டினால் 21 லட்சம் வரும். கட்டினார். அடுத்து ‘பாதுகாப்பு வைப்புத் தொகை’ 1.5 லட்சம் என்றார்கள். அதற்குத்தான் என்னிடம் கடன் கேட்டார்.

“சித்தப்பா, இதுவரைக்கும் ஒரு பைசாகூட நீங்க போடலைன்னு வைங்க. இன்னைக்கு முதல் தடவையா இவங்களைப் பார்க்கறீங்க. 1.5 லட்சம் கொடுப்பீங்களா?” என்றேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. “போட்டாச்சேடா” என்றார்.

போனது போனதுதான், புதிதாகக் கட்டுவதை மட்டும் தனியாக எடுத்து எடை போட வேண்டும். படித்தவர்களுக்கு இது இன்னும் கஷ்டம் என்று நினைக்கிறேன். நிறுத்தினால், நான் ஏமாந்தேன் என்று வீட்டில் சொல்ல வேண்டி வருமே! அவரை அவர்களிடம் ஒரே ஒரு வரி அனுப்பச் சொன்னேன்: “என் 21 லட்சத்திலேயே அதைக் கழிச்சுக்கிட்டு மீதியை அனுப்புங்க.” விதிப்படி முடியாது என்று பதில் வந்தது. இருக்கும் பணமாக இருந்தால் கழிக்க முடியும்.

அன்றிரவே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைத்து, cybercrime.gov.in தளத்திலும் புகார் பதிந்தோம். பணம் பல கணக்குகளுக்குச் சிதறுவதற்குள் சொன்னால் மிச்சத்தை முடக்க வழி உண்டு. கடைசியாகக் கட்டியதில் 70,000 மட்டும் முடங்கியது. முன்னாடி போனதெல்லாம் எப்போதோ கைமாறியிருந்தது.

போன வாரம் இன்னொருவர் போனில் வந்தார். இழந்த பணம் மீட்கப்பட்டுவிட்டதாம், 9,000 கட்டணம் செலுத்தினால் விடுவிப்பார்களாம். ஏமாந்தவர்களின் பட்டியலும் விலை போகிறது போலிருக்கிறது. சித்தப்பா ஸ்பீக்கரில் போட்டு, “அதுலயே கழிச்சுக்குங்க தம்பி” என்றார். இணைப்பு துண்டிக்கப்பட்டது.