டப்பாவில் 'ஐஸ்கிரீம்' என்று இருக்கிறதா?

போன வாரம் வாங்கிய வெனிலா டப்பாவில் பெரிய படம், பெரிய பிராண்ட் பெயர். 'ஐஸ்கிரீம்' என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை. கீழே ஓரமாகப் பொடி எழுத்தில் 'ஃப்ரோசன் டெசர்ட்'. கடையில் இரண்டையும் ஒரே ஃப்ரீசரில்தான் அடுக்கியிருந்தார்கள்!

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி, ஐஸ்கிரீமில் இருக்கும் கொழுப்பு பால் கொழுப்பாகத்தான் இருக்க வேண்டும். சாதாரண ஐஸ்கிரீம் என்றால் குறைந்தது 10 சதவீதம். அந்தக் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்தால் அது ஃப்ரோசன் டெசர்ட் ஆகிவிடும்.

சரி, டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாகத்தான் எழுத வேண்டும். என் டப்பாவில் இருந்தது: தண்ணீர், சர்க்கரை, பால் திடப்பொருள், தாவரக் கொழுப்பு. அந்தக் கடைசிச் சொல்தான் அடையாளம். அது பெரும்பாலும் பாமாயில் அல்லது தேங்காய் எண்ணெய், பால் கொழுப்பைவிட மலிவு.

'தாவரம்' என்றதும் உடம்புக்கு நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். பாமாயிலிலும் தேங்காய் எண்ணெயிலும் நிறைவுற்ற கொழுப்பு நிறையவே உண்டு. அதற்காக இது கலப்படமும் இல்லை, விஷமும் இல்லை. சட்டப்படி விற்கப்படும் வேறொரு பண்டம், அவ்வளவுதான். இன்னொன்று, மூன்றாவதாகப் பால் திடப்பொருள் இருக்கிறது பாருங்கள். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் எண்ணெய்தானே என்று இதைச் சாப்பிடக் கூடாது.

சிலவற்றைச் சாப்பிட்டதும் மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல ஒட்டும். ஆனால் நாக்கை நம்பாதீர்கள், லேபிளைப் படியுங்கள்.