திருமலைக் கல்யாணத்துக்குப் போகிறீர்களா? உட்பாவாடையை முதலில் கவனியுங்கள்

பெட்டியில் என்ன வைப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, சாறிக்கு உள்ளே கட்டுவதைப் பற்றி. திருகோணமலையில் உறவுக்காரர் கல்யாணம் என்றால் அதை நீங்கள் முடிவு செய்ய முடியாது, மாமி முடிவு செய்துவிடுவார்.

எங்கள் மாமி குடும்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ஜோர்ஜெட் சாறி எடுத்திருந்தார். உட்பாவாடையும் தைத்தாயிற்று. எனக்குக் கிடைத்தது கெட்டிப் பொப்ளினில் இடுப்பைச் சுற்றிச் சுருக்கம் வைத்தது. நாடாவை இழுத்துக் கட்டியதும் மிஞ்சிய துணி முழுவதும் முன்பக்கம் குவிந்தது. அதன்மேல் கொய்யகத்தைச் செருகினால் தொப்புளுக்குக் கீழே ஒரு மூட்டை. இத்தனைக்கும் இடுப்புக்குக் கீழே பிடித்தது, நீளமோ கணுக்காலுக்கு மேலே நின்றது. "எந்த அளவுக்கு மாமி தைச்சீங்கள்?" என்று கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன்.

"நீ போகேக்க விட்டிட்டுப் போன பாவாடையைத்தான் அளவுக்குக் குடுத்தனான், பிள்ளை."

அதை இத்தனை வருடமும் அலுமாரியில் வைத்திருந்திருக்கிறார். அதற்கு மேல் எனக்குக் கோபப்பட வழியில்லை. ஆனால் கல்யாணம் மறுநாள்.

பக்கத்து ஒழுங்கைத் தையல் அக்கா பாவாடையைப் பார்த்ததும், அதைத் திருத்துவதை விடப் புதிதாக வெட்டுவது சுகம் என்றார். அவர் செய்ததுதான் இந்தக் கட்டுரையின் சாரம், அதனால் அளவோடு சொல்கிறேன். நாடா கட்டும் இடத்தில் என் இடுப்பு 34 அங்குலம், இடுப்பின் அகன்ற பகுதி 41. ஆறு துண்டு. ஒவ்வொன்றும் மேலே 6 அங்குலம், கீழே 12, தையலுக்கு விடுவது தனி. ஆக மேல் சுற்றளவு 36. நாடாவில் சுருங்க வேண்டியது வெறும் 2 அங்குலம், குவிய துணியே இல்லை. மேல் சுற்று இவ்வளவு சிறிதானால் அகன்ற பகுதியைத் தாண்டி எப்படி ஏறும்? இடது பக்கம் 8 அங்குலம் திறப்பு விட்டார். துண்டுகள் கீழே போகப் போக அகல்வதால், அந்தத் திறப்பு முடியும் இடத்தில் சுற்றளவு ஏறத்தாழ 44 ஆகிவிடுகிறது. அங்கே 41 அங்குலத்துக்குப் போதுமான தளர்வு. கீழ்விளிம்பு 72, படி ஏற அது போதும். முடிச்சும் திறப்போடு இடது பக்கம் வந்துவிடுவதால் கொய்யகத்தின் கீழ் எதுவும் துருத்தாது.

துணி மெல்லிய பருத்தி. கடையில் ஜோர்ஜெட்டுக்கு சட்டின்தான் அழகு என்பார்கள். குளிரூட்டிய மண்டபத்தில் சரி. ஆனால் வழுக்கும் துணிமேல் வழுக்கும் சாறியைச் செருகினால் கொய்யகம் மெல்ல மெல்ல இறங்கும். திருமலை வெயிலில் வியர்த்தால் சட்டின் தொடையில் ஒட்டி, நடக்கும்போது சாறியையும் சேர்த்து இழுக்கும். பட்டுச்சாறியாக இருந்தால் பொப்ளினே நல்லது. பட்டின் பாரத்தைத் தாங்க அந்தக் கெட்டித்தன்மை வேண்டும், பட்டு தன் தடிப்பால் அதை மறைத்தும் விடும். ஜோர்ஜெட் எதையும் மறைக்காது, உள்ளே இருக்கும் தையல் கூடத் தெரியும். நிறமும் சாறிக்குக் கிட்ட இருக்க வேண்டும்.

அப்புறம், வெளிநாட்டிலிருந்து நாம் பாவாடைக்குப் பதிலாகக் கொண்டுபோகும் அந்த இறுக்கமான ஷேப்வெயார். சாறி வழுவழு என்று விழும், மறுக்கவில்லை. என் ஒன்றுவிட்ட தங்கை அதோடு பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறியபோது அரை அடிதான் எட்டு வைக்க முடிந்தது. கோயிலில் சப்பணம் கட்டி உட்கார்ந்ததும் இலாஸ்டிக் பட்டி மடிந்து உருள, கொய்யகம் அதோடு வெளியே வந்தது. வாங்குவதென்றால் பக்கப் பிளவும், இலாஸ்டிக்கோடு நாடாவும் உள்ளதாகப் பாருங்கள். ஒரு சைஸ் குறைத்து எடுக்காதீர்கள். பட்டிக்கு மேலே, ரவிக்கைக்குக் கீழே சதை வரம்பு கட்டினால் சைஸ் சிறிது என்று அர்த்தம். கோயில் நாளுக்குப் பருத்திப் பாவாடை, வரவேற்புக்கு மட்டும் இது என்று வைத்துக்கொண்டால் தப்பலாம்.

நீள அளவைக் கண்டிப்பாக இருமுறை எடுங்கள். குதிச்செருப்போடு அளந்த பாவாடை, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் தரையைக் கூட்டும். வெறுங்காலோடு நின்று, தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே நிற்கிறதா என்று பாருங்கள். வெட்டுவதற்கு முன் துணியைத் தண்ணீரில் அலசிக் காயவைக்கவும் வேண்டும். பருத்தி முதல் அலசலில் சுருங்கும். கடும் சிவப்பு, கறுப்பு என்றால் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வியர்வையில் சாறிக்கும் ஏறும், அதை எடுக்கவே முடியாது.