மயோசிஸ் பாடத்துக்கு 24 சீட்டு: சேர்ந்து படிக்க ஒரு விளையாட்டு செய்வது எப்படி

தென்னாப்பிரிக்க மெட்ரிக் தேர்வில் லைஃப் சயின்சஸ் இரண்டாம் தாள் 150 மதிப்பெண்ணுக்கு வரும். முதல் 50 மதிப்பெண் ஏ பிரிவு. அதில் ஒரு வரி விளக்கம் கொடுத்து, அதற்குரிய சரியான உயிரியல் சொல்லை எழுதச் சொல்வார்கள். பிள்ளைகள் இங்கே மதிப்பெண்ணை விடுவது சொல்லே தெரியாததால் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை படிக்க வரும் பிள்ளைகளின் விடைத்தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சொல் தெரிந்திருக்கிறது, ஆனால் அதன் பக்கத்துச் சொல்லை எழுதிவிடுகிறார்கள். சென்ட்ரோமியர் கேட்டால் சென்ட்ரியோல். கயாஸ்மா கேட்டால் கிராஸிங் ஓவர்.

எழுத்துப் பிழையோடு எழுதினாலும் சொல் அடையாளம் தெரிந்தால் மதிப்பெண் உண்டு. ஆனால் அந்தப் பிழை பாடத்திலுள்ள வேறொரு சொல்லாக மாறிவிட்டால் கிடையாது. ஆகவே இந்த விளையாட்டை, குழம்பும் சொற்களைப் பிரித்துச் சொல்லும் பயிற்சியாகவே அமைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்ட பாடம் மயோசிஸ், அதாவது பாலணுக்கள் உருவாகும்போது நடக்கும் செல் பிரிதல்.

முதல் படி: எட்டுச் சொல், நான்கு ஜோடி

ஏன் 24 சீட்டு? டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் தண்ணி என்னும் சீட்டாட்டம் ஆடத் தெரியாத மாமாவைப் பார்ப்பது அரிது. ஆங்கிலத்தில் துனி என்று எழுதும் அதே ஆட்டம்தான். நான்கு பேர், எதிரெதிரே உட்காரும் இரண்டு கூட்டாளி ஜோடிகள், 24 சீட்டு, ஆளுக்கு ஆறு. கல்யாண வீட்டில் பார்த்துப் பார்த்தே பிள்ளைகளுக்கு இந்த அமைப்பு பழகியிருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் பாதி விதியை விளக்கவே வேண்டாம்.

24-ஐ மூன்றால் வகுத்தால் எட்டு. ஆக எட்டுச் சொல், ஒவ்வொன்றுக்கும் மூன்று சீட்டு: பெயர், விளக்கம், படம். பாடப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல் பட்டியலிலிருந்து வரிசையாக எட்டை எடுத்துவிடாதீர்கள். பிள்ளைகளின் பழைய விடைத்தாளில் எது எதோடு மாறிப்போனது என்று பார்த்து ஜோடியாக எடுங்கள். நான் எடுத்த நான்கு ஜோடி இவை:

சென்ட்ரோமியர் – சென்ட்ரியோல். ஒலியால் குழம்புவது. முன்னது குரோமோசோமிலேயே இருக்கிறது, இரண்டு குரோமாட்டிட்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. பின்னது குரோமோசோமுக்கு வெளியே, விலங்கு செல் பிரியும்போது அதன் துருவத்தில் இருக்கிறது.

கயாஸ்மா – கிராஸிங் ஓவர். ஒன்று இடம், மற்றது நிகழ்ச்சி.

குரோமாட்டிட் – ஹோமோலோகஸ் குரோமோசோம்கள். இரண்டிலுமே 'ஜோடி' என்ற எண்ணம் வருவதால் குழப்பம். ஒரே குரோமோசோம் இரட்டித்ததால் வந்த இரண்டு இழைகளில் ஒன்று குரோமாட்டிட். ஹோமோலோகஸ் என்பது அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என வந்த இரண்டு தனிக் குரோமோசோம்கள்.

அனாஃபேஸ் 1 – அனாஃபேஸ் 2. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், நிறையப் பேர் சறுக்கும் இடம் இதுதான்.

இரண்டாம் படி: விளக்கச் சீட்டை எழுதுவது

அதிக நேரம் எடுக்கும் வேலை இது. அவசரப்பட வேண்டாம். ஒரு விளக்கம் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் பொருந்த வேண்டும். நான் முதலில் சென்ட்ரியோலுக்கு 'செல் பிரிதலில் முக்கியப் பங்கு வகிக்கும் அமைப்பு' என்று எழுதினேன். அது சென்ட்ரோமியருக்கும் பொருந்துகிறது, ஸ்பிண்டில் இழைக்கும் பொருந்துகிறது. பிறகு, 'விலங்கு செல்லில் ஸ்பிண்டில் இழைகள் உருவாவதில் பங்குபெறும், துருவத்தில் காணப்படும் குழாய் வடிவ அமைப்பு' என்று மாற்றினேன்.

கயாஸ்மாவுக்கும் கிராஸிங் ஓவருக்கும் வாக்கியத்தின் பெயர்ச்சொல்தான் திறவுகோல். 'குரோமாட்டிட்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம்' என்றால் கயாஸ்மா. 'மரபுப் பொருள் பரிமாறப்படும் நிகழ்வு' என்றால் கிராஸிங் ஓவர். கேள்வியில் இடத்தைக் கேட்கிறார்களா, நிகழ்வைக் கேட்கிறார்களா என்று பார்க்கப் பிள்ளை பழகிவிட்டால் அந்த மதிப்பெண் கைக்கு வந்துவிடும்.

எழுதி முடித்ததும் பாடம் தெரிந்த ஒருவரிடம் ஒவ்வொரு விளக்கத்தையும் வாசித்துக் காட்டி, "இது என்ன சொல்?" என்று கேளுங்கள். அவர் "இதுவா, அதுவா?" என்று இழுத்தால் விளக்கத்தைத் திருத்துங்கள். சீட்டில் எழுதும் மொழி, பிள்ளை தேர்வு எழுதும் மொழியாகவே இருக்கட்டும். எங்கள் வீட்டுச் சீட்டுகள் ஆங்கிலத்தில், பேச்சு பாதிக்குப் பாதி தமிழில்.

மூன்றாம் படி: படமும் வெட்டுதலும்

160 கிராம் ஏ4 அட்டையை மூன்றுக்கு மூன்றாக வெட்டினால் ஒன்பது சீட்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம். மூன்று அட்டை எடுத்தால் 27 வரும். மீதி மூன்றைப் பிழையானவற்றுக்கு மாற்றாக வைத்துக்கொள்ளலாம். சாதாரணத் தாள் வேண்டாம், மையின் நிழல் பின்பக்கம் தெரியும்.

குரோமோசோமை எக்ஸ் எழுத்துப் போல இரண்டு குறுக்குக் கோடாக வரையாதீர்கள். அப்படி வரைந்தால் ஒரு குரோமாட்டிட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வாழைப்பழம் மாதிரி வரைந்து, ஒட்டும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். குரோமாட்டிட் சீட்டில் ஒரு பழத்துக்கு மட்டும் மேலிருந்து கீழ்வரை நிறம் கொடுங்கள். சென்ட்ரோமியர் சீட்டில் புள்ளிக்கு ஓர் அம்புக்குறி போதும். ஹோமோலோகஸுக்கு ஒரே உயரமுள்ள நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று, புள்ளி இரண்டிலும் ஒரே மட்டத்தில்.

அனாஃபேஸ் 1 படத்தில் இரட்டைப் பழங்கள் முழுசாகவே துருவத்துக்குப் போகின்றன. அனாஃபேஸ் 2-ல் ஒற்றைப் பழங்கள் போகின்றன. இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரையுங்கள், அப்போதுதான் வேறுபாடு அதில் மட்டும் இருக்கும்.

ஒரு தவறு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். ஒரே சொல்லின் மூன்று சீட்டிலும் மூலையில் ஒரே எண் போட்டேன், சீட்டுக்கட்டை அடுக்க வசதியாக இருக்கட்டுமே என்று. பிள்ளைகள் எதையும் வாசிக்காமல் எண்ணைப் பார்த்தே சேர்த்துவிட்டார்கள். சீட்டில் எந்த அடையாளமும் வேண்டாம். எது எதோடு சேரும் என்பது தனியாக ஒரு விடைத்தாளில் மட்டும் இருக்கட்டும். அதே தாளில் ஒவ்வொரு ஜோடிக்கும் பிரிக்கும் வாக்கியத்தையும் எழுதிவிடுங்கள்.

நான்காம் படி: ஆடும் முறை

கலைத்து ஆளுக்கு ஆறு சீட்டு போடுங்கள். தன் முறை வரும்போது ஒருவர், தன் கையில் குறைந்தது ஒரு சீட்டாவது உள்ள சொல்லின் மற்றொரு சீட்டை மூவரில் யாரிடமும் கேட்கலாம். கேட்கும்போது சொல்லின் பெயரைச் சொல்ல வேண்டும், அதன் ஜோடிச் சொல்லிலிருந்து அதைப் பிரிக்கும் ஒரு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். பேசும்போது தன் சீட்டுகளை மேசையில் கவிழ்த்துவிட வேண்டும், இல்லையென்றால் விளக்கச் சீட்டைப் பார்த்து வாசித்துவிடுவார்கள். கூட்டாளி எடுத்துக்கொடுக்கக் கூடாது.

வாக்கியம் சரி, கேட்கப்பட்டவரிடம் சீட்டும் உண்டு என்றால் கொடுத்துவிட வேண்டும், கேட்டவர் மறுபடி கேட்கலாம். சீட்டு இல்லையென்றாலோ வாக்கியம் பிழை என்றாலோ முறை அடுத்தவருக்கு. சந்தேகம் வந்தால் விடைத்தாளைப் பார்க்கலாம். மூன்றும் சேர்ந்ததும் மேசையில் வைத்து விடைத்தாளோடு சரிபார்த்தால் ஒரு புள்ளி. தவறான மூன்றைச் சேர்த்திருந்தால் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு முறையை விட வேண்டும். ஒரு ஜோடியின் இரண்டு சொல்லையும் ஒரே அணி சேர்த்துவிட்டால் இன்னொரு புள்ளி. ஆக அதிகபட்சம் 12. எட்டுச் சொல்லும் மேசைக்கு வந்ததும் ஆட்டம் முடியும். கை காலியானவர் முறையைத் தாண்டிவிடலாம்.

ஆறு பேர் இருந்தால் ஆளுக்கு நான்கு சீட்டு, மூன்று அணி. ஐந்து பேர் என்றால் ஒருவர் விடைத்தாளோடு நடுவராக இருக்கட்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நடுவரை மாற்றுங்கள்.

ஒரு சுற்று எப்படிப் போனது

எங்கள் மேசையில் நடந்தது இது. என் அக்கா மகள் எதிரணிப் பையனிடம், "அனாஃபேஸ் 1 படம் கொடு. அதில் குரோமோசோம்கள் எதிரெதிர்த் துருவத்துக்குப் போகும்" என்றாள். அவன், "அனாஃபேஸ் 2-லேயும் போகத்தானே செய்யும்?" என்றான். இருவரும் என்னைப் பார்த்தார்கள். "ஆன்ட்டி, இது சரியா?"

சொன்னது பொய்யில்லை, ஆனால் பிரிக்கவில்லை. விடைத்தாளில் இருந்தது: அனாஃபேஸ் 1-ல் ஹோமோலோகஸ் ஜோடிகள் பிரிகின்றன, ஒவ்வொரு குரோமோசோமிலும் இன்னும் இரண்டு குரோமாட்டிட் இருக்கும். அனாஃபேஸ் 2-ல் சென்ட்ரோமியர் பிளந்து குரோமாட்டிட்கள் பிரிகின்றன. அவள் முறையை இழந்தாள். அடுத்த முறை வந்ததும், "ஜோடிதான் பிரியும், சென்ட்ரோமியர் பிளக்காது" என்று சொல்லிப் படத்தை வாங்கிக்கொண்டாள்.

அந்த இடத்தில் ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சேர்த்தேன். மனித செல்லில் 46 குரோமோசோம். அனாஃபேஸ் 1-ல் துருவத்துக்கு 23 போக வேண்டும். 21-ஆம் ஜோடி பிரியாமல் இரண்டும் ஒரே பக்கம் போய்விட்டால், அதிலிருந்து வரும் பாலணுவில் 24 இருக்கும். அது சாதாரணப் பாலணுவோடு சேர்ந்தால் 47, டவுன் சின்ட்ரோம். எது பிரிகிறது என்ற ஒரே வாக்கியம் தெரிந்தால் இந்தக் கணக்குத் தானாக வரும்.

ஐந்தாம் படி: சீட்டில்லாமல் பார்ப்பது

சீட்டையே மனப்பாடம் செய்துவிடும் அபாயம் உண்டு. மூன்றாவது வாரம் ஒரு பையன் மூலையில் தேநீர்க் கறை பட்ட சீட்டைப் பார்த்தே அது கயாஸ்மா என்று சொல்லிவிட்டான். அதனால் ஆட்டம் முடிந்ததும் சீட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, பழைய வினாத்தாள்களிலிருந்து இதே எட்டுச் சொல்லுக்கான விளக்கங்களை வேறு வார்த்தையில் வாசியுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதட்டும். ஒரு வாரம் கழித்து, ஆடுவதற்கு முன்பே, மறுபடி ஒரு முறை.

திருத்தும்போது எத்தனை தவறு என்று மட்டும் எண்ணாதீர்கள், எந்தச் சொல்லுக்குப் பதில் எந்தச் சொல் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஜோடிக்குள்ளேயே மாறியிருந்தால் அந்த ஜோடி சீட்டுக்கட்டிலேயே இருக்கட்டும். இரண்டு வாரம் தொடர்ந்து எல்லோரும் சரியாக எழுதிய ஜோடியை எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். நாங்கள் சென்ற வாரம் சென்ட்ரோமியர் ஜோடியை வெளியே எடுத்தோம். அதன் இடத்தில் இப்போது ஹாப்ளாய்டும் டிப்ளாய்டும் வந்திருக்கின்றன, ஆறு சீட்டை மட்டும் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது.