முதல் விதியில் W-க்கு முன்னால் பிளஸா மைனஸா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெப்ப இயக்கவியலின் முதல் விதி பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் ΔU = Q − W என்று இருக்கும். வேதியியல் புத்தகத்தைத் திறந்தால் ΔU = q + w. இதில் எது சரி என்று கேட்பதுதான் முதல் தவறு, ஏனென்றால் இரண்டுமே சரி. இயற்பியலில் W என்றால் வாயு வெளியே செய்த வேலை. வேதியியலில் w என்றால் வெளியிலிருந்து வாயுவின் மீது செய்யப்பட்ட வேலை. ஒன்றின் மைனஸ்தான் மற்றது. வெப்பத்துக்கும் அக ஆற்றலுக்கும் எந்த மாற்றமும் இல்லை, உள்ளே வரும் வெப்பம் இரண்டு புத்தகத்திலும் பிளஸ்தான்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? 1850-இல் கிளாசியஸ் இந்த விதியை எழுதியபோது எல்லோர் கவனமும் நீராவி இயந்திரத்தின் மேல் இருந்தது. இயந்திரம் வைத்திருப்பவருக்கு நிலக்கரியை எரித்து உள்ளே கொடுத்த வெப்பமும் வேண்டும், வெளியே கிடைத்த வேலையும் வேண்டும், இரண்டையும் நேர்குறியில் பார்ப்பதுதான் அவருக்கு வசதி. அதனால் உள்ளே வரும் வெப்பம் பிளஸ், வெளியே போகும் வேலை பிளஸ் என்று ஆனது. பொறியியலில் இன்றும் பெரும்பாலும் இதே வழக்கம்தான். வேதியியலாளருக்கு இயந்திரத்தைப் பற்றிக் கவலை இல்லை, குடுவைக்குள் இருக்கும் பொருளின் ஆற்றல் கூடியதா குறைந்ததா என்பதுதான் கேள்வி. அவருக்கு வெப்பமாக வந்தாலும் வேலையாக வந்தாலும் உள்ளே வருவதெல்லாம் பிளஸ், வெளியே போவதெல்லாம் மைனஸ். ஐயூபேக் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

சரி, தவறு எங்கே நடக்கிறது? ஒரு புத்தகத்தின் சமன்பாட்டையும் இன்னொன்றின் வேலைச் சூத்திரத்தையும் கலக்கும்போது. 1 கிராம் தண்ணீர் 100 °C-இல், 1 atm அழுத்தத்தில் முழுவதும் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எடுத்துக்கொள்ளும் வெப்பம் சுமார் 2256 J. கன அளவு 1 cm³-இலிருந்து ஏறக்குறைய 1671 cm³ ஆகிறது, அதாவது காற்றைத் தள்ளி இடம் பிடிக்க PΔV = 1.013 × 10⁵ × 1670 × 10⁻⁶, சுமார் 169 J செலவாகிறது. இயற்பியல் வழியில் W = +169, ஆகவே ΔU = 2256 − 169 = 2087 J. வேதியியல் வழியில் w = −PΔV = −169, ஆகவே ΔU = 2256 + (−169), அதே 2087 J.

இப்போது ΔU = q + w என்று எழுதிவிட்டு, பழக்கத்தில் w = PΔV என்று போட்டால் 2425 J வரும். அது தவறு என்று சூத்திரத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: நீராவி வாங்கியது 2256 J, அதிலிருந்து காற்றைத் தள்ளவும் கொடுத்திருக்கிறது, அப்புறம் எப்படி வாங்கியதைவிட அதிகமாக உள்ளே மிஞ்சும்? எந்தக் கணக்கிலும் விடை வந்ததும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். விரிந்த வாயு தன் ஆற்றலில் கொஞ்சம் கொடுத்திருக்கும், அமுக்கப்பட்ட வாயு வாங்கியிருக்கும்.

அமுக்கும் கணக்கில் வேறு ஒரு சிக்கல். வெளி அழுத்தம் மாறாமல் 2 atm, வாயு 10 லிட்டரிலிருந்து 4 லிட்டராகச் சுருங்குகிறது. ΔV = 4 − 10 = −6 L. w = −2 × (−6) = +12 L atm, சுமார் 1216 J. பலர் ‘அமுக்கியது, எனவே வேலை பிளஸ்’ என்று மனதில் முடிவு செய்து ΔV-ஐ 6 என்று எழுதி, பிறகு சூத்திரத்தில் உள்ள மைனஸையும் விடாமல் போட்டு −12 என்று முடிப்பார்கள். மனதால் குறி வைப்பதானால் சூத்திரத்தின் மைனஸை விட்டுவிடுங்கள். சூத்திரத்தை நம்புவதானால் ΔV எப்போதும் இறுதி கழித்தல் தொடக்கம்தான், அது எதிர்குறியில் வந்தால் வரட்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள்.

பழைய வேதியியல் நூல்களையும் தீர்த்த வினாக்களையும் வைத்துப் படிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், வேதியியலிலேயே முன்பு ΔE = q − w என்று எழுதிய புத்தகங்கள் பல உண்டு. அட்டையில் என்ன பாடம் என்று பார்த்து மரபை ஊகிக்காமல், w-ஐ அந்த நூல் எப்படி வரையறுக்கிறது என்ற வரியைத் தேடிப் படியுங்கள். தேர்வில் விடை எழுதும்போதும் முதல் வரியில் ‘W என்பது வாயு செய்த வேலை’ என்றோ ‘வாயுவின் மீது செய்யப்பட்ட வேலை’ என்றோ எழுதிவிட்டால் திருத்துபவருக்கும் குழப்பம் இருக்காது.

ஒரே புத்தகத்துக்குள்ளேயே பார்வை மாறும் இடமும் ஒன்று உண்டு, அது மின்வேதியியல். டேனியல் மின்கலத்துக்கு 1.1 V, 2 எலக்ட்ரான் என்று வைத்தால் ΔG° சுமார் −212 kJ/mol. வெப்ப இயக்கவியல் பாடத்தின் மரபுப்படி மின்வேலை w-உம் அதிகபட்சமாக −212 kJ தான், ஏனென்றால் அது கலத்தை விட்டு வெளியே போகிறது. ஆனால் மின்வேதியியல் பாடத்தில் ‘கலத்திலிருந்து கிடைக்கும் பெரும வேலை = −ΔG’ என்று 212 kJ-ஐ நேர்குறியில் எழுதுவார்கள். அங்கே பேசுவது நமக்குக் கிடைக்கும் வேலையைப் பற்றி. அதை அப்படியே எடுத்து q + w-க்குள் போட்டால் கணக்கு தவறிவிடும்.